ஒரே நேரத்தில் இரண்டு அரங்கு

ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஒரு சனி, ஞாயிறு, பிரஸ்ஸல்ஸ் நகரின் யூ.எல்.பி பல்கலைக்கழக வளாகத்தில் ஃபாஸ்டெம் என்ற மாநாடு நடக்கிறது. கட்டற்ற மென்பொருள் எழுதுபவர்கள் கூடும் இடம். கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. இரண்டே நாளில் நூற்றுக்கணக்கான உரைகள். ஓர் அரங்கில் உட்கார்ந்தால் அதே நேரத்தில் மற்ற அரங்குகளில் நடப்பவை எல்லாம் கை நழுவும். அதனால் வருகிறவர்கள் முதல் வாரமே கைப்பேசியில் தங்களுக்கென ஒரு நிரலைக் குறித்துக்கொள்கிறார்கள். அப்படிக் குறிக்கும்போது இரண்டு உரைகள் மோதாமல் பார்த்துக்கொள்வது செயலியின் வேலை.

எல்லா அமர்வும் சரியாக ஒரு மணி நேரம் என்றால் இது மிக எளிது. பத்து மணிக்கு ஒரு பட்டியல், பதினொன்றுக்கு ஒரு பட்டியல். ஒவ்வொன்றிலும் ஒன்றைத்தான் தொட முடியும் என்று வைத்துவிடலாம். ஆனால் ஃபாஸ்டெமில் பல அறைகளை வெவ்வேறு குழுக்கள் நடத்துகின்றன, உரையின் நீளமும் அறைக்கு அறை மாறும். கால் மணி நேரப் பேச்சும் உண்டு, ஐம்பது நிமிடப் பேச்சும் உண்டு. கட்டம் கட்டமாகப் பிரிக்க வழியில்லை. தொடக்கத்தையும் முடிவையும் வைத்து ஒவ்வொரு சோடியையும் ஒப்பிட்டாக வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். புதிதாகத் தேர்ந்தெடுத்த உரை தொடங்கும் நேரம், ஏற்கெனவே குறித்த உரையின் நடுவில் விழுகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். 11:00 முதல் 11:25 வரை ஓர் உரையைக் குறித்திருக்கிறீர்கள். இப்போது 10:30 முதல் 12:00 வரை நடக்கும் பயிலரங்கைத் தொடுகிறீர்கள். அதன் தொடக்கமான 10:30, முதல் உரைக்குள் விழவில்லை. செயலி ‘சரி’ என்று ஏற்றுக்கொள்ளும். உண்மையில் பயிலரங்கு அந்த உரையை முழுசாக விழுங்கியிருக்கிறது. சரியான சோதனை ஒரே வரிதான்:

```
a.start < b.end && b.start < a.end
```

இரண்டில் ஒவ்வொன்றும் மற்றது முடிவதற்கு முன் தொடங்கினால் மோதல். 10:30 என்பது 11:25க்கு முன். 11:00 என்பது 12:00க்கு முன். இரண்டும் பொருந்துவதால் பிடிபட்டுவிடும். ‘சிறியது’ என்ற குறிக்குப் பதில் ‘சிறியது அல்லது சமம்’ என்று எழுதினால் வேறொரு தொல்லை: 11:25க்கு ஒன்று முடிந்து 11:25க்கே அடுத்தது தொடங்கினாலும் செயலி கூச்சலிடும். ஒரே அறையில் அடுத்தடுத்து நடக்கும் உரைகளைக்கூடச் சேர்க்க முடியாது.

அடுத்தது நடை. கடிகாரப்படி மோதாத இரண்டு உரைகள் கால்களுக்கு மோதும். வளாகத்தில் கட்டடங்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, நடைபாதைகளில் நெரிசல் வேறு. கட்டடம் மாறினால் பத்து நிமிடம் என்று ஒரு சிறு அட்டவணை வைத்து, இடைவெளி அதற்குக் குறைந்தால் மஞ்சளில் காட்டலாம். தடுக்கக் கூடாது. கடைசிக் கேள்வி பதிலை விட்டுவிட்டு ஓடுவதா என்பது அவரவர் பாடு.

நேர மோதலையே தடுக்க வேண்டுமா? என் கருத்தில், வேண்டாம். ஃபாஸ்டெமில் அறை நிறைந்தால் கதவில் அறிவிப்பு தொங்கும், உள்ளே விடமாட்டார்கள். அனுபவப்பட்டவர்கள் அதற்காகவே மாற்று உரை ஒன்றையும் மனத்தில் வைத்திருப்பார்கள். ஆகவே நிரலில் ஒரு நேரத்துக்கு ஒன்றுதான் நிற்கட்டும், இரண்டாவதைத் தொட்டால் “இது அதோடு மோதுகிறது, மாற்றவா, மாற்றாக வைக்கவா?” என்று கேட்டால் போதும். இருக்கை ஒதுக்கித் தரும் பயிலரங்குகளின் கதை வேறு. அங்கே ஒருவர் இரண்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டால் இன்னொருவருக்கு இடம் போகும், அதனால் தடுத்தே ஆக வேண்டும்.

உண்மையான சிக்கல் குறித்து முடித்த பிறகுதான் வருகிறது. பேச்சாளரின் ரயில் தாமதம். 11:00 உரை மதியம் 14:00க்குப் போகிறது. பயனர் தொட்ட நேரத்தையே நகலெடுத்து வைத்த செயலி, பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அமர்வின் அடையாள எண்ணை மட்டும் சேமித்து, நேரத்தை ஒவ்வொரு முறையும் அட்டவணையிலிருந்து எடுத்தால் இந்தப் பிழை வராது. ஆனால் மோதல் வரும்: 14:00க்கு அவர் வேறொன்றைக் குறித்திருக்கலாம். தரவுத்தளத்திலேயே ‘ஒருவருக்கு மோதும் அமர்வுகள் கூடாது’ என்று பூட்டுப் போடும் வசதி போஸ்ட்கிரஸ்கியூஎல்லில் உண்டு. அதைக் கண்மூடித்தனமாகப் போட்டுவிட்டால், யாரோ ஒருவருடைய நிரல் இடிக்கிறது என்பதற்காக அமைப்பாளர் உரையின் நேரத்தையே மாற்ற முடியாமல் தவிப்பார்.

ஆகவே அட்டவணை மாறும்போதெல்லாம், மாறிய உரையைக் குறித்தவர்களின் நிரலை மட்டும் மறுபடி சோதிக்க வேண்டும். மோதினால் எதையும் தானாக நீக்காமல், இரண்டையும் சிவப்பில் காட்டி, எது நகர்ந்தது, எங்கிருந்து எங்கே என்று சொல்ல வேண்டும். ரத்தான உரையையும் சத்தமில்லாமல் மறைத்துவிடாமல் ‘ரத்து’ என்ற முத்திரையோடு அதே இடத்தில் விட்டுவைப்பது நல்லது. காலியான அந்த நேரத்தில், முன்பு மாற்றாக வைத்தது ஏதாவது இருந்தால் அதை எடுத்து நீட்டலாம்.