உங்கள் கணக்கில் எங்கள் பாக்கி எவ்வளவு?

ஏப்ரல் பிறந்ததும் மொத்த வியாபாரிகளின் மேஜைக்கு ஒரு கடிதம் வரும். சரக்கு அனுப்பும் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் இருக்கும். 'மார்ச் 31ஆம் தேதி எங்கள் கணக்குப்படி நீங்கள் தர வேண்டியது இவ்வளவு. உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று எழுதுங்கள்' என்று கேட்டிருக்கும். பணம் வராத பில்களின் எண், தேதி, தொகை ஆகியவை பின்னால் பட்டியலாக இணைந்திருக்கும். ஆனால் பதில் போக வேண்டிய இடம் அந்தக் கம்பெனி அல்ல, அதன் ஆடிட்டர் அலுவலகம். பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் என்று வழங்கும் இந்தக் கடிதத்தின் உயிரே அந்த விலாசத்தில்தான் இருக்கிறது.

தணிக்கைக்கு வருபவர் பார்க்கும் பில், ரசீது, லெட்ஜர் எல்லாம் கம்பெனிக்குள்ளேயே உருவானவை. இல்லாத வாடிக்கையாளர் பெயரில் பில் போட ஒரு கம்ப்யூட்டர் போதும். அந்த வாடிக்கையாளருக்கே எழுதிக் கேட்டால்தான் வெளியிலிருந்து ஒரு சாட்சி கிடைக்கும்.

அமெரிக்காவில் இந்தப் பாடம் 1938இல் படிக்கப்பட்டது. மெக்கெஸ்ஸன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவர், இல்லாத கிடங்குகளிலிருந்து இல்லாத சரக்கை விற்றதாகப் பல ஆண்டுகள் கணக்கு எழுதியிருந்தார். சுமார் 8.7 கோடி டாலர் சொத்தில் ஏறத்தாழ 1.9 கோடி டாலர் வெறும் காகிதம். அதில் பாதியளவு, வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டியதாகக் காட்டிய பாக்கி. அந்த வாடிக்கையாளர்களுக்கு ஆடிட்டர்கள் ஒரு கடிதமும் எழுதியிருக்கவில்லை. அப்படி எழுதியே ஆக வேண்டும் என்ற விதியும் அன்று இல்லை. அடுத்த ஆண்டே அங்குள்ள கணக்காளர் சங்கம் அதை வழக்கமான தணிக்கை வேலையாக ஆக்கியது.

விதி வந்த பிறகும் தவறு நடந்தது. 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதத்தில், கற்பனையான ரொக்க இருப்போடு, வர வேண்டிய பாக்கியும் 490 கோடி ரூபாய் கூட்டிக் காட்டப்பட்டதாக இருந்தது. அதைத் தணிக்கை செய்த நிறுவனங்கள் மீது 2011இல் அமெரிக்க அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தார்கள். உறுதிக் கடிதங்களைத் தங்கள் கைப்பிடியில் வைத்துக்கொள்ளாமல் விட்டது அதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று.

கைப்பிடி என்றால் என்ன? கடிதத்தில் கையெழுத்துப் போடுவது கம்பெனி. யாருக்கு எழுதுவது என்று தேர்ந்தெடுப்பதும், தபாலில் சேர்ப்பதும், பதிலைப் பிரிப்பதும் ஆடிட்டர். பெரிய தொகைக்காரர்களோடு, நாள்பட்ட பாக்கி உள்ளவர்களையும் அவர் பட்டியலில் சேர்ப்பார். கம்பெனி கொடுத்த விலாசத்தை அப்படியே நம்பாமல், ஜிஎஸ்டி இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டு, அந்தப் பெயரில் அந்த ஊரில் கடை இருக்கிறதா என்று பார்ப்பார். மின்னஞ்சலில் பதில் வந்தால், அனுப்பிய முகவரி அந்த வாடிக்கையாளருடையதுதானா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்வார். 'நாங்களே வாங்கித் தருகிறோம் சார்' என்று கம்பெனிக் கணக்குப் பிரிவு சொன்னால், அங்கேயே அவர் உஷாராக வேண்டும்.

பதில் வந்தபின் என்ன நடக்கிறது? ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். கோயம்புத்தூர் மோட்டார் பம்ப் தயாரிப்பாளர் ஒருவரின் லெட்ஜரில், மதுரை டீலர் தர வேண்டியது 18,42,600 ரூபாய். டீலரோ 14,96,200 என்று எழுதுகிறார். வித்தியாசம் 3,46,400 ரூபாய்.

முதலில் டீலரின் லெட்ஜர் நகலை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி டிக் அடிக்க வேண்டும். ஜோடி சேராமல் மூன்று வரிகள் நிற்கின்றன. மார்ச் 30 தேதியிட்ட 2,36,000 ரூபாய் பில் டீலர் கணக்கிலேயே இல்லை. டீலர் மார்ச் 30 அன்று அனுப்பிய 75,000 ரூபாய் காசோலை கம்பெனி கணக்கில் ஏறவில்லை. பழுதான பம்புகளைத் திருப்பி அனுப்பியதற்கு டீலர் போட்ட 35,400 ரூபாய் டெபிட் நோட்டும் கம்பெனியில் இல்லை. மூன்றையும் கூட்டினால் வித்தியாசம் சரியாக வந்துவிடுகிறது.

கூட்டல் சரியாக வந்ததோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் வெளி ஆதாரம் வேண்டும். காசோலை ஏப்ரல் முதல் வாரத்தில் கம்பெனியின் வங்கிக் கணக்கில் வரவாகியிருக்கிறது. அது வழியில் இருந்த தபால், குற்றமில்லை. திரும்பிய பம்புகள் மார்ச் 22 அன்றே கேட்டுக்குள் வந்ததாகச் செக்யூரிட்டி ரெஜிஸ்டர் சொல்கிறது. கிரெடிட் நோட் போட்டதோ ஏப்ரல் 10. எனவே பாக்கியில் 35,400 குறைய வேண்டும். மார்ச் 30 பில்லுக்கு இ-வே பில்லையும் லாரி ரசீதையும் எடுத்தால், லாரி கிளம்பியதே ஏப்ரல் 1 என்று தெரிகிறது. அப்படியானால் அது புது வருஷ விற்பனை. பழைய வருஷ விற்பனையைக் கூட்டிக் காட்டுவதற்காக முன்தேதியிட்ட பில். ஒரு டீலரிடம் இப்படி நடந்திருந்தால், மார்ச் கடைசி வாரத்துப் பில்கள் எல்லாவற்றையும் ஆடிட்டர் திரும்பப் பார்க்க வேண்டும்.

'இந்தப் பில்லுக்குப் பிப்ரவரியிலேயே பணம் கொடுத்துவிட்டோமே' என்று வரும் பதில் இன்னும் கவலைக்குரியது. வசூலுக்குப் போனவர் பணத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த வாடிக்கையாளரின் பணத்தை இவர் கணக்கில் போட்டு, அவருடைய ஓட்டையை வேறொருவர் பணத்தால் அடைத்துக்கொண்டு போகிறாரா என்று தேட வேண்டியிருக்கும். மொத்தத் தொகையோடு பில்வாரிப் பட்டியலும் அனுப்பும்போது இந்தத் திருட்டு சுலபமாக வெளியே வரும்.

ஆனால் பல கடிதங்களுக்குப் பதிலே வருவதில்லை. '15 நாளில் பதில் இல்லாவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வோம்' என்று அச்சிட்டுவிட்டு, அந்த மௌனத்தையே ஒப்புதலாகக் கோப்பில் வைப்பது பரவலான பழக்கம். கடிதம் குப்பைக்கூடைக்குப் போயிருந்தாலும் இதே மௌனம்தான் வரும். எஸ்.ஏ. 505 என்ற இந்தியத் தணிக்கைத் தரநிலை, ஆபத்து குறைவான, சிறு தொகைகள் நிறைந்த கணக்குகளில் மட்டுமே இந்த முறையைத் தனி ஆதாரமாக ஏற்கிறது. மற்ற இடங்களில் நினைவூட்டல் அனுப்பி, அதற்கும் பதில் இல்லாவிட்டால் ஏப்ரலுக்குப் பின் அந்தப் பில்களுக்குப் பணம் வந்ததா, சரக்கு போய்ச் சேர்ந்ததற்கு டீலரின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியென்று பதில் வந்தாலும், அது கடன் இருப்பதை மட்டுமே காட்டும். அந்தப் பணம் வசூலாகுமா என்பதற்கு டீலரின் நிதிநிலையைத் தனியே பார்க்க வேண்டும்.

கடிதம் பெறும் வியாபாரிக்கும் இதில் பொறுப்பு உண்டு. விற்ற சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட 3 ஆண்டு காலக்கெடு இருக்கிறது. அந்தக் கெடு முடிவதற்குள் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் தொடங்குகின்றன. ஆகவே, சப்ளையரின் ஆள் நீட்டினார் என்பதற்காக முத்திரை குத்திக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் லெட்ஜரை எடுத்துப் பாருங்கள். தொகை ஒத்துப்போகாவிட்டால் உங்கள் தொகையை எழுதி, லெட்ஜர் நகலை இணைத்து, ஆடிட்டரின் விலாசத்துக்கு நீங்களே அனுப்புங்கள்.