மாலைக்குப் பதில் நன்கொடை: எப்படிக் கேட்பது?

ஒரகடம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்த என் பெரியப்பா போன வருடம் புற்றுநோயில் இறந்தார். வைத்தியம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில். "மாலைக்குக் காச வீணாக்காதீங்கடா, அந்த ஆஸ்பத்திரிக்குக் குடுங்க" என்று முன்பே சொல்லியிருந்தார். அந்த மருத்துவமனைக்குப் பின்னாலும் ஒரு மரணம் உண்டு. தங்கையைப் புற்றுநோயில் இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல வருடம் பாடுபட்டு, 1954-ல் அது திறந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வாட்ஸ்அப் அறிவிப்பு எழுதும் வேலை எனக்கு வந்தது. "மாலை, கோடி, மொய் தவிர்க்கவும். நன்கொடை அளிக்கவும்" என்று எழுதினேன். அத்தை படித்துவிட்டு, "என்னடா, வசூல் நோட்டீஸ் மாதிரி இருக்கு!" என்றார்.

அவர் சொன்னது சரிதான். கோடி என்பது பெரியம்மாவின் பிறந்த வீட்டார் எடுத்துவரும் முறை. வேண்டாம் என்றால் அவர்களை விலக்கியது போல ஆகிவிடும். மொய் என்பது நோட்டில் ஏறிய கடன். திருப்பிச் செய்ய வருபவரைத் தடுத்தால் அவருக்குச் சங்கடம். ஆக, யாருக்கும் மனவருத்தம் இல்லாமல் மாற்றக்கூடியது மாலை மட்டும்தான். கடைசியில் அனுப்பியது இது:

"அப்பாவுக்கு மாலை வாங்க நினைப்பவர்கள், விரும்பினால், அந்தத் தொகையை அவர் பெயரைக் குறிப்பிட்டு அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பலாம். அது அவருடைய ஆசை. எப்படியானாலும் நீங்கள் வருவதே எங்களுக்கு ஆறுதல்."

இதில் 'அளிக்கவும்' என்பது 'அனுப்பலாம்' ஆனதைக் கவனியுங்கள். தொகை எதுவும் சொல்லவில்லை. கடைசி வரி, கொடுக்க முடியாதவரும் தயங்காமல் வருவதற்காக. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலையும் பிறகு குரூப்பில் போடவில்லை.

அடுத்தது பணம் போகும் வழி. அண்ணன் தன் ஜிபே நம்பரைப் போடலாம் என்றார். அப்படி வாங்கி மொத்தமாக அனுப்பினால் ரசீது அண்ணன் பெயரில்தான் வரும், மற்றவர்கள் 80ஜி வரிச்சலுகை கேட்க முடியாது. "அனுப்பினானா இல்லையா" என்ற பேச்சும் கிளம்பும். அதனால் மருத்துவமனையின் சொந்த இணையதளத்து முகவரியையே கொடுத்தோம். யாரோ ஃபார்வர்ட் செய்யும் க்யூஆர் படத்தை நம்ப வேண்டாம். பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இப்படிக் கேட்கக் கூடாது. இந்தப் பக்கத்து கம்பெனிகளில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறந்தால், கூட வேலை செய்தவர்கள் ஷிப்ட் முடிந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பணத்தில்தான் அந்த வீட்டில் வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் கட்டுவார்கள். அங்கே நன்கொடை போகவேண்டிய இடம் அந்த வீடுதான்.