பந்து காலில் இல்லாதபோது எங்கே நிற்பது?

ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஆடும் கால்பந்தைப் பார்த்தால், பந்து போகும் இடமெல்லாம் எல்லோரும் மொய்த்துக்கொண்டு ஓடுவார்கள். ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர், "டேய், உன் இடத்துல நில்லுடா!" என்று கத்துவார். பையன் நின்றுவிடுவான், கம்பம் நட்ட மாதிரி. பந்து எங்கே போனாலும் அசையமாட்டான். முதலில் கூட்டம், இப்போது சிலை. இரண்டுமே ஆட்டம் இல்லை.

தன் இடம் என்பது மைதானத்தில் குறித்து வைத்த புள்ளி என்று அவன் புரிந்துகொண்டதுதான் சிக்கல். கால்பந்தில் இடம் என்பது பந்து எங்கே, நம் ஆள் எங்கே, எதிராளி எங்கே என்பதைப் பொறுத்து நொடிக்கு நொடி மாறுவது. ஃபார்மேஷனைக் கற்றுத்தருவது என்றால் இதைக் கற்றுத்தருவதுதான். பலகையில் வட்டம் போட்டுக் காட்டுவது அதில் கால்வாசிகூட இல்லை.

இதற்குப் பதினோரு பேர் ஆட்டம் இந்த வயதுக்கு ஒத்துவராது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒன்பது, பத்து வயதுக்காரர்களை ஏழு பேர் அணியாகத்தான் ஆடவிடுகிறார்கள். இங்கிலாந்தில் அதற்கான மைதானம் சுமார் 55 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். இதில் பலரும் வைப்பது 2-3-1: கோல்கீப்பரைக் கணக்கில் சேர்க்காமல் பின்னால் இரண்டு டிஃபெண்டர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஒரு ஸ்ட்ரைக்கர். நடுவில் இருக்கும் மூவரில் இரண்டு பேர் ஓரங்களில் ஆடும் விங்கர்கள்.

ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். நம் கோல்கீப்பர் கையில் பந்து. எதிரணியும் 2-3-1தான். டிஃபெண்டர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கக்கோட்டை நோக்கி விரிய வேண்டும். எதிரணி ஸ்ட்ரைக்கர் ஒருவன்தான். அகலமாக விரிந்த இரண்டு பேரை அவனால் மறிக்க முடியாது. இருவரும் ஒட்டி நின்றால், அவன் ஒருவனே போதும்.

பந்து இடது டிஃபெண்டருக்கு வருகிறது. எதிரணியின் வலது விங்கர் அவனை நோக்கி ஓடி வருகிறான். அவன் விட்டுவிட்டு வந்த இடம், அவன் முதுகுக்குப் பின்னால், இப்போது காலி. நம் இடது விங்கர் அங்கே, கோட்டோரமாக இருக்க வேண்டும். ஆனால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? "எனக்குக் குடு, எனக்குக் குடு" என்று பந்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவார்கள். கூடவே எதிராளியையும் இழுத்து வந்து, இருந்த இடத்தையும் அடைத்துவிடுவார்கள். நண்பனுக்கு உதவ விலகிப்போக வேண்டும் என்பது அவர்களுக்கு எளிதில் பிடிபடாது. பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

நடு ஆட்டக்காரன் எதிராளியின் மறைவிலிருந்து விலகி, பந்து வைத்திருப்பவன் கண்ணில் படும்படி உள்பக்கம் சாய்வாக நிற்கிறான். ஸ்ட்ரைக்கர் முன்னாலேயே இருந்து எதிரணி டிஃபெண்டர்கள் ஏறி வராமல் தடுக்கிறான். வலது டிஃபெண்டர் சற்று நடுவுக்கு வந்துவிடுகிறான்; பந்து பறிபோனால் கோலுக்கு முன்னால் ஆள் வேண்டுமே. இப்போது பந்து வைத்திருப்பவனுக்கு முன்னால் விங்கர், உள்ளே நடு ஆட்டக்காரன், பின்னால் கோல்கீப்பர் என மூன்று வழி. பந்தையே தொடாத பிள்ளைகள் உண்டாக்கிய வழிகள் இவை.

மைதானத்தில் இதைப் பழக்க ஒரு வழி. நீளவாக்கில் கோன் வைத்து மூன்று பட்டைகளாகப் பிரியுங்கள். ஒரே விதி: பந்து நம்மிடம் இருந்தால் இரண்டு ஓரப் பட்டைகளிலும் குறைந்தது ஒருவராவது இருக்க வேண்டும். பந்து போய்விட்டால், பந்துக்கு எதிர்ப்பக்கத்து ஓரத்தில் இருப்பவர் நடுப்பட்டைக்கு ஓடி வர வேண்டும். விரிவது, சுருங்குவது இரண்டையும் உடம்பே கற்றுக்கொள்ளும். கோன்களை நிரந்தரமாக வைக்காதீர்கள். பழகியதும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் ஆட்டத்தைப் பார்க்காமல் கோனைப் பார்ப்பார்கள்.

எப்போதாவது விசில் அடித்து எல்லோரையும் நின்ற இடத்திலேயே நிறுத்துங்கள். "இங்க போ" என்று சொல்லாதீர்கள். "பந்து வச்சிருக்கவனுக்கு நீ தெரியுறியா? நடுவுல யாரு நிக்குறா?" என்று கேளுங்கள். அவனே இரண்டு அடி நகர்ந்தால் அவனுக்குப் புரிந்துவிட்டது. உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் இன்னும் புரியவில்லை. இதை அடிக்கடி செய்தால் ஆட்டம் அறுந்துபோகும். பயிற்சிக்கு இரண்டு மூன்று முறை போதும்.

இன்னொன்றையும் பயிற்சியாளர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உயரமான பையன் என்பதற்காக ஒருவனை வருடம் முழுக்க டிஃபெண்டராகவே நிறுத்தாதீர்கள். விங்கராக ஆடி, பந்துக்காகக் கோட்டோரம் காத்திருந்தவனுக்குத்தான் அங்கே எப்போது பாஸ் கொடுக்க வேண்டும் என்பது தெரியும். பாதி ஆட்டம் முடிந்ததும் இடத்தை மாற்றிவிடுங்கள். அன்றைக்கு ஒரு கோல் கூடுதலாக வாங்கினாலும் பரவாயில்லை.