மாடிக்கு ஒரு கேபிள், அங்கே இன்னொரு ரவுட்டர்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர்கள், கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது பெரும்பாலும் கீழ்த்தளத்தில், வாசலை ஒட்டிய சுவராக இருக்கும். ஹாலில் வேகம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மாடி அறையில் உட்கார்ந்து வீடியோ காலில் பேசினால் படம் உறைந்து நிற்கிறது. இடையில் இருப்பது கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். வைஃபை அலைக்கு, குறிப்பாக வேகம் அதிகமுள்ள 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு, அதைத் துளைத்து மேலே வருவது கடினம்.

கடையில் கேட்டால் ப்ளக்கில் சொருகும் எக்ஸ்டென்டரை எடுத்துக் கொடுப்பார்கள். கீழிருந்து வரும் அலையை வாங்கி அதையே திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. வாங்குவதும் அனுப்புவதும் ஒரே அலைவரிசையில் நடப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதை மாட்டும் இடத்துக்கே வருவது பலவீனமான அலை என்றால், அந்தப் பலவீனம்தான் பரவும். மாடிவரை கேபிள் இழுக்க வழி இருக்கும் வீட்டில் எக்ஸ்டென்டருக்குச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கீழும் மேலும் உள்ள ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே ஃபைபர் நிறுவனத்தின் பெட்டி. அதன் முகவரி 192.168.1.1. பழைய இணைப்போடு வந்த ரவுட்டர் ஒன்று அலமாரியில் சும்மா கிடக்கிறது. அதுவே போதும், மாடியில் அக்சஸ் பாயின்டாக வேலை செய்யும். கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் வாங்கி, மாடிப்படி ஓரமாக பைப்புக்குள் விட்டு மேலே கொண்டுபோகலாம். 100 மீட்டர் வரை இந்தக் கேபிள் தாங்கும் என்பதால் வீட்டுக்குள் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. பார்க்க வேண்டியது, உள்ளே இருப்பது முழுச் செம்பா என்பதும், எட்டு இழைகளும் முனையில் ஒழுங்காகக் க்ரிம்ப் ஆகியிருக்கின்றனவா என்பதும்தான். எட்டில் ஓர் இழை விட்டுப்போனாலும் பல நேரம் இணைப்பு அறுந்துவிடாது. 1 ஜிபிபிஎஸ் வேகத்திலிருந்து 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கி, ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். கீழே 300 எம்பிபிஎஸ் வருகிறது, மாடியில் எப்போது பார்த்தாலும் தொண்ணூற்றுச் சொச்சத்தைத் தாண்டவில்லை என்றால் முதலில் முனைகளைச் சோதியுங்கள். எட்டும் சரியாக இருந்தும் தாண்டவில்லை என்றால், பழைய ரவுட்டரின் போர்ட்டே 100 வரை மட்டும் போகும் வகையாக இருக்கலாம்.

கேபிளைச் சொருகுவதற்கு முன்னால் பழைய ரவுட்டரைத் தயார்செய்ய வேண்டும். மெனுவில் AP Mode என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்; இனிச் சொல்லப்போகும் முகவரி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால், லேப்டாப்பை அதன் LAN போர்ட்டில் இணைத்து, முதலில் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். சேமித்த உடனே பக்கம் திறக்காமல் நின்றுபோகும். பயப்பட வேண்டாம், ரவுட்டர் புது முகவரிக்குப் போய்விட்டது. கேபிளை ஒருமுறை கழற்றிச் சொருகி, புது முகவரியை பிரவுசரில் அடித்தால் மறுபடி வரும். அடுத்து DHCP Server என்பதை Disable செய்யுங்கள்.

இந்த இரண்டாவது மாற்றத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, வெளியே போகும் வழி இதுதான் என்று சொல்வது டிஹெச்சிபியின் வேலை. ஒரே தெருவுக்கு இரண்டு பேர் தனித்தனியாகக் கதவு எண் போட்டால் தபால்காரர் என்ன பாடுபடுவாரோ, அதுதான் இங்கேயும் நடக்கும். அதைக் கீழ்ப்பெட்டி மட்டுமே செய்ய வேண்டும். அந்தப் பெட்டியிலும் ஒரு சின்ன மாற்றம் தேவை: அது எண் கொடுக்கத் தொடங்கும் இடத்தை 192.168.1.10 என்று வைத்துவிட்டால், மாடிக்கு ஒதுக்கிய 2ஆம் எண்ணை வேறு எதற்கும் தராது.

இப்போது கேபிளைச் சொருகலாம். கீழேயும் LAN, மேலேயும் LAN. மாடி ரவுட்டரின் WAN போர்ட் காலியாகவே இருக்கட்டும். டிஹெச்சிபியை நிறுத்திய பிறகு WAN போர்ட்டில் சொருகினால், மாடியில் இருக்கும் கருவிகளுக்கு எண் கிடைக்காது, இணையமும் வராது. மாடி ஒரு தனி நெட்வொர்க்காகப் பிரிந்துவிடும். கீழே இருக்கும் பிரிண்டர் மாடி லேப்டாப்பின் கண்ணில் படாது. மாடியில் நின்று போனில் இருக்கும் படத்தை ஹால் டிவிக்கு அனுப்பவும் முடியாது.

அடுத்தது வைஃபை. நெட்வொர்க் பெயர், பாதுகாப்பு வகை, பாஸ்வேர்டு ஆகிய மூன்றும் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கடைசியில் தெரியாமல் விழுந்த ஓர் இடைவெளி எல்லாமே கணக்கில் வரும். பாதுகாப்பு வகையைப் பலர் கவனிப்பதில்லை. கீழே WPA2-PSK, AES என்று இருந்தால் மேலேயும் அதுவே இருக்கட்டும். ஒன்றில் பழைய WPA அல்லது WPA3 மட்டும் என்று வைத்தால், பெயர் ஒன்றாக இருந்தாலும் சில போன்கள் அதை வேறு நெட்வொர்க்காகவே நினைத்து, மாடி ஏறியதும் இணையாமல் நிற்கும்.

சேனல் மட்டும் வேறாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே சேனலில் இருந்தால், ஒன்று பேசும்போது மற்றது வாய்மூடிக் காத்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். கீழே 1 வைத்தால் மேலே 6 அல்லது 11 வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் கீழே 36, மேலே 149 என்று வைக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் மாடி வைஃபையில் விண்டோஸ் லேப்டாப்பை இணைத்து இப்படி அடித்துப் பாருங்கள்:

```
ipconfig
```

Default Gateway என்ற வரியில் 192.168.1.1 வர வேண்டும். 192.168.1.2 என்றோ வேறு எண்ணோ வந்தால், மாடி ரவுட்டர் இன்னும் எண் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சில போன்களில் மட்டும் இணையம் வந்து, சிலவற்றில் வைஃபை இணைந்தும் இணையம் இல்லை என்று காட்டினாலும் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும்.

எந்தப் பெட்டியோடு பேசுவது என்பதை முடிவுசெய்வது ரவுட்டர் இல்லை, போன். ஐபோன் தன் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வேறு பெட்டியைத் தேடவே தொடங்கும். அதனால் மாடிக்குப் போன பின்னும் போன் கீழ்ப்பெட்டியையே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு திணறுவது உண்டு. இதற்கு மருந்து பவரைக் கூட்டுவது அல்ல, குறைப்பது. இரண்டு பெட்டியிலும் 2.4 கிகாஹெர்ட்ஸின் பவரை நடுத்தர அளவுக்கு இறக்கினால், படியேறும்போதே போன் கைமாறிவிடும். மாறும் நொடியில் வாட்ஸ்அப் கால் ஒருமுறை விக்கலாம். சாதாரண வீட்டு ரவுட்டர்களில் அந்த அளவைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மாடிப் பெட்டியின் முதுகில் 192.168.1.2 என்று எழுதி ஒட்டி, கூடவே 'ரீசெட் பட்டனை அழுத்தாதீர்கள்' என்றும் எழுதிவையுங்கள். அதை யாராவது அழுத்திவிட்டால் பழைய முகவரியும் டிஹெச்சிபியும் திரும்ப வந்துவிடும். கேபிள் சொருகியபடியே இருப்பதால், மாடியில் மட்டுமல்ல, கீழேயும் இணையம் தடுமாறும்.