செல்போன் சார்ஜுக்கு வருஷத்துக்கு எவ்வளவு செலவாகும்?

"விடிய விடிய சார்ஜ் போட்டு வெச்சா கரண்ட் பில் யார் கட்டுறது?" பிள்ளைகள் கையில் போன் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். கேட்பவருக்கும் தொகை தெரியாது, கேட்டுக்கொண்டு படுத்திருப்பவருக்கும் தெரியாது. கணக்கு ஒன்றும் பெரிதில்லை. பேட்டரி மேல் அச்சடித்திருக்கும் இரண்டு எண்களும், வழியில் வீணாகும் மின்சாரத்தைப் பற்றிய ஒரு மதிப்பீடும் போதும்.

இப்போது கடைகளில் பரவலாக விற்கும் போன்களில் 5000 எம்ஏஎச் பேட்டரி இருக்கிறது. எம்ஏஎச் என்பது மில்லி ஆம்பியர் மணி. 5000 மில்லி ஆம்பியர் மணி என்றால் 5 ஆம்பியர் மணி. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கரண்ட் பில்லுக்குப் போக முடியாது. மின்வாரியம் விற்பது ஆற்றலை. அதற்கு ஆம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்க வேண்டும்.

எந்த வோல்ட்டால் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சுவரில் வருவது 230 வோல்ட், சாதாரண சார்ஜர் கொடுப்பது 5 வோல்ட். இரண்டுமே இங்கே உதவாது. 230 வோல்ட்டால் பெருக்கினால் ஒரு தடவை சார்ஜ் போட ஒரு யூனிட்டுக்கு மேல் ஆகிறது என்று வரும். வீட்டில் நாலு போன் இருந்தால் அதற்கே தனி மீட்டர் வைக்க வேண்டியதுதான். 5 வோல்ட்டால் பெருக்கினாலும் விடை நிஜத்தைவிடக் கூடுதலாகவே வரும். அந்த 5000 என்ற எண் பேட்டரியின் சொந்த வோல்ட்டில் அளந்தது. லித்தியம் பேட்டரியின் வோல்ட் காலியாகும்போது இறங்கும், நிறையும்போது ஏறும். அதன் சராசரி சுமார் 3.87 வோல்ட். 5 ஆம்பியர் மணியை 3.87-ஆல் பெருக்கினால் 19.35 வாட் மணி. பல பேட்டரிகளில் இந்த விடையையே Wh என்று போட்டு அச்சடித்திருப்பார்கள். அதிவேக சார்ஜ் போன்கள் சிலவற்றில் 2500 எம்ஏஎச் செல் இரண்டை வரிசையாக இணைத்து, வோல்ட்டை ஏறக்குறைய 7.7 என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து 5000-ஐ 7.7-ஆல் பெருக்கினால் விடை இரட்டிப்பாகிவிடும். குழப்பமே வேண்டாம் என்றால் Wh எண்ணைப் பிடித்துக்கொள்வது நல்லது.

அந்த 19.35 வாட் மணி பேட்டரிக்குள் சேர்ந்தது. மீட்டரில் ஓடியது அதைவிட அதிகம். பேட்டரியிலிருந்து சுவரை நோக்கித் திரும்பி நடந்தால் மூன்று இடங்களில் மின்சாரம் சூடாக மாறி வெளியேறுவது தெரியும். முதலில் பேட்டரியே. அதன் உள் மின்தடையால் 5 சதவீதம் போகிறது என்று வைத்தால், செல்லுக்குள் 20.4 வாட் மணி தள்ள வேண்டும். அடுத்து, கேபிளும் போனுக்குள் சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டும் சேர்ந்து 10 சதவீதம் எடுத்துக்கொண்டால் 22.6. கடைசியாக, 230 வோல்ட்டைக் குறைத்துத் தரும் சார்ஜர். ஓரளவு நல்ல சார்ஜரின் திறன் 85 சதவீதம் அளவில் இருக்கும். ஆக, சுவரிலிருந்து வர வேண்டியது சுமார் 26.6 வாட் மணி. சார்ஜ் ஏறும்போது போனையும் சார்ஜரையும் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருப்பது இந்த இழப்புதான்.

27 என்றே வைத்துக்கொள்வோம். தினமும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஏற்றினால், 365 நாளைக்கு 9,855 வாட் மணி. ஆயிரம் வாட் மணி ஒரு யூனிட். அதாவது வருஷத்துக்குப் பத்து யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. யூனிட் 5 ரூபாய் என்றால் ஆண்டுச் செலவு 50 ரூபாய். அதிகம் செலவழிக்கும் வீட்டில் யூனிட் 10 ரூபாய் என்றால் 100 ரூபாய். பிள்ளைகளைத் திட்டும் அளவுக்குப் பெரிய தொகை இல்லை. நிஜத்தில் இதுவும் வராது, ஏனென்றால் யாரும் தினமும் பூஜ்யம் வரை இறங்கவிடுவதில்லை. முப்பதில் போட்டுத் தொண்ணூறில் எடுப்பவருக்கு வருஷத்துக்கு ஆறு யூனிட்தான், 30 ரூபாய். தலைக்கு மேல் சுற்றும் 75 வாட் பழைய ஃபேன் ஒரு ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் 600 வாட் மணி. அந்த ஒரு ராத்திரிக் காற்றுக்கு ஆகும் மின்சாரத்தில் போனை 22 நாள் முழுசாகச் சார்ஜ் செய்யலாம்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம். ஒரு போன் அந்த இரண்டு மாதத்தில் எடுப்பது ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல். 499-லிருந்து 501-க்கு எகிறும் வீட்டுக்கு மட்டும் அது உறைக்கலாம். 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமே வேறு.

67 வாட் சார்ஜர் பில்லை ஏற்றிவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. வாட் என்பது வேகம்தான். பேட்டரியின் கொள்ளளவு மாறவில்லை; 67 வாட் சில நிமிஷம் இழுக்கும், பிறகு இறங்கிவிடும். வேகத்தால் சூடு கொஞ்சம் கூடுவதால் இழப்பும் கொஞ்சம் கூடும், அவ்வளவே. நிஜமாகவே கணக்கை மாற்றுவது கம்பியில்லா சார்ஜிங். தட்டுக்கும் போனுக்கும் நடுவில் காந்தப்புலம் வழியாகப் போவதால், சுவரிலிருந்து வருவதில் பாதிதான் பேட்டரிக்குச் சேரும் என்று வைத்தால், தினம் சுமார் 39 வாட் மணி, வருஷத்துக்கு 14 யூனிட். போனைத் தட்டின் நடுவில் வைக்காமல் ஓரமாக வைத்தால் இன்னும் மோசம்.

போனை எடுத்த பிறகும் சார்ஜரைச் சுவரிலேயே விட்டுவைத்தால்? இப்போதைய தரவிதிகளின்படி நல்ல சார்ஜர் சும்மா இருக்கும்போது 0.1 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. வருஷம் முழுக்க அப்படியே கிடந்தாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. பெயர் தெரியாத மலிவுச் சார்ஜரில் இது பல மடங்கு இருக்கலாம். வெறும் சார்ஜர் சூடாக இருந்தால் சந்தேகப்படலாம்.

இதையெல்லாம் வீட்டு மீட்டரிலேயே சோதிக்கலாம். எலெக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் imp/kWh என்று ஓர் எண் இருக்கும். பல மீட்டர்களில் அது 3200. ஒரு யூனிட்டுக்குச் சிவப்பு விளக்கு 3200 தடவை மினுக்கும் என்று அர்த்தம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, போனைக் காலியிலிருந்து நிறைய ஏற்றினால் அது சுமார் 85 தடவை மினுக்க வேண்டும். 110, 120 என்று வந்தால் வீட்டில் வேறேதோ ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டாப் பாக்ஸை. ரிமோட்டில் அணைத்த பிறகும் அது வெறும் 5 வாட் இழுத்துக்கொண்டிருந்தால் வருஷத்துக்கு 44 யூனிட் ஆகிறது, நாலு போனுக்கு மேல்.