மாதக் கணக்கு அறிக்கைக்கு முன் இரட்டை வரிசைகளையும் விடுபட்டவற்றையும் கண்டுபிடிப்பது

மாதாந்தர நிதி அறிக்கை தவறாகப் போவதற்குக் கூட்டல் பிழை காரணமாக இருப்பது இப்போது அரிது. கூட்டுவதை எக்செல் பார்த்துக்கொள்கிறது. பிழை, கூட்டப்படும் பட்டியலிலேயே இருக்கிறது. ஒரே பில் இரண்டு வரிசைகளில் ஏறியிருக்கும், ஒரு வரிசையில் தொகை இருக்காது, அல்லது வரவேண்டிய பில் பட்டியலுக்கே வந்திருக்காது. அறிக்கை தயாரான பிறகு இவற்றில் எதுவும் கண்ணில் படாது. ஆகவே அறிக்கைக்கு முன்பே மூலப் பட்டியலைச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு கிளைகள் உள்ள ஒரு ஹார்டுவேர் மொத்த வியாபாரக் கடையின் கொள்முதல் பதிவேட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒவ்வொரு கிளையும் மாத முடிவில் தன் எக்செல் ஷீட்டைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறது. அங்கே இரண்டையும் ஒன்றாக ஒட்டி ஒரே பதிவேடாக்குகிறார்கள். தேதி, விற்பவரின் ஜிஎஸ்டி எண், பில் எண், விற்பவர் பெயர், வரி விகிதம், வரிக்கு முந்தைய தொகை, கிளை ஆகிய ஏழும் A முதல் G வரையுள்ள நெடுவரிசைகளில் வரிசையாக இருக்கின்றன. ஒரு மாதம் இப்படி ஒட்டிய பதிவேட்டில் 418 வரிசைகள் இருந்தன. தொகைகளின் கூட்டல் ரூ.52,30,000.

எண்ணிக்கையும் கூட்டலும்

முதலில் பதிவேட்டைத் திருத்தாமல் ஒரு நகல் எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். அதன்பின் செய்யவேண்டியது, மூலத்தில் எத்தனை வரிசைகள், என்ன தொகை என்று பார்த்து, ஒட்டிய பதிவேட்டோடு ஒப்பிடுவது. முதல் கிளையின் ஷீட்டில் 236 வரிசைகள், ரூ.30,10,000. இரண்டாம் கிளையில் 178 வரிசைகள், ரூ.21,85,000. சேர்த்தால் 414 வரிசைகள், ரூ.51,95,000. ஒட்டிய பதிவேட்டிலோ நான்கு வரிசைகளும் ரூ.35,000-மும் அதிகம்.

ஒட்டும்போது ஏதோ நான்கு வரிசைகள் இரண்டு முறை ஏறிவிட்டன என்பது இதிலிருந்தே தெரிகிறது. எந்த நான்கு என்பது தெரியவில்லை. ஆனால் பின்னால் இரட்டைகளைத் தேடும்போது எவ்வளவு கிடைக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு கையில் இருக்கிறது. கிளைகள் அனுப்பிய ஷீட்டிலேயே உள்ள பிழையை இந்த ஒப்பீடு காட்டாது. அதற்கு அடுத்த படிகள் தேவை.

வெற்றுக் கட்டங்கள் முதலில்

இரட்டைகளைத் தேடும் முன் விடுபட்டவற்றைத் தேடுவதே சரியான வரிசை. இதற்கான காரணம் எக்செல் எண்ணும் விதத்தில் இருக்கிறது. இரட்டைகளைக் கண்டுபிடிக்க வழக்கமாகப் பயன்படும் `COUNTIFS`, ஒப்பிடச் சொன்ன கட்டம் வெறுமையாக இருந்தால் அதைப் பூச்சியம் என்று எடுத்துக்கொள்கிறது. ஜிஎஸ்டி எண் இல்லாத வரிசைக்கு விடை 0 என்று வரும். ஒன்றுக்கு மேல் வந்த வரிசைகளை மட்டும் வடிகட்டிப் பார்ப்பவருக்கு அந்த வரிசை தெரியாமலே போய்விடும்.

தொகை நெடுவரிசையில் வெற்றுக் கட்டங்களை எண்ண `COUNTBLANK` உண்டு. இந்தப் பதிவேட்டில் அது 1 என்று சொன்னது. ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. நிரம்பியதுபோல் தெரிந்தாலும், உள்ளே இருப்பது எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருக்கலாம். எழுத்தாக உள்ள தொகையை `SUM` சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஆகவே எண்ணாக இல்லாத கட்டங்கள் எத்தனை என்று கேட்பதே பாதுகாப்பு:

```
=ROWS(F2:F419)-COUNT(F2:F419)
```

இதற்கு விடை 2 என்று வந்தது. ஒன்று, உண்மையிலேயே வெற்றுக் கட்டம். மற்றொன்றில் யாரோ ‘ரூ.24,000’ என்று தட்டியிருந்தார்கள். தொகை கண்ணுக்குத் தெரிந்தது, கூட்டலில் சேரவில்லை. கிளை அனுப்பிய ஷீட்டிலும் அது அப்படியே இருந்ததால் முதல் ஒப்பீட்டில் அகப்படவில்லை. எண்ணாக மாற்றியதும் கூட்டலில் ரூ.24,000 கூடியது. வெற்றுக் கட்டத்துக்கு உரிய பில்லைத் தேடியபோது, அது விற்பவரே ரத்து செய்த பில் என்று தெரிந்தது. அந்த வரிசை, காரணத்தோடு நீக்கப்பட்டது.

தொகை தெரியாத இடத்தில் பூச்சியத்தையோ சராசரியையோ போட்டு நிரப்புவது கணக்குப் பதிவேட்டில் கூடாது. ஆய்வுப் புள்ளிவிவரங்களில் சில நேரம் சராசரியால் நிரப்புவார்கள். பதிவேட்டிலோ ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் ஒரு பில் இருக்கவேண்டும். பில் இன்னும் வராத செலவை மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டியிருந்தால், அது ஒதுக்கீடு என்று தனியாக எழுதப்பட வேண்டும்.

எல்லா வெற்றுக் கட்டமும் பிழையும் அல்ல. ஜிஎஸ்டி எண் நெடுவரிசையில் 11 கட்டங்கள் காலியாக இருந்தன. அவற்றில் ஒன்பது, ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு விற்பனையாளர்களுடையவை. அங்கே எண் இருக்க வழியில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ‘URP’ என்று எழுதிவிட்டால், இல்லாததும் விடுபட்டதும் ஒன்றாகத் தோன்றாது. மீதி இரண்டு வரிசைகள் பதிவு பெற்ற விற்பவர்களுடையவை. தட்டச்சு செய்தவர் எண்ணை விட்டுவிட்டார். பில்லைப் பார்த்து அவை நிரப்பப்பட்டன. ஜிஎஸ்டி எண்ணுக்கு எப்போதும் 15 எழுத்துகள். மாநிலக் குறியீடு முதல் இரண்டு இலக்கம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் விற்பவரின் பான் எண். எனவே `LEN` மூலம் நீளம் பார்த்தாலே அரைகுறை எண்கள் வெளிப்பட்டுவிடும்.

எது இரட்டை?

இரண்டு வரிசைகள் எல்லாக் கட்டங்களிலும் ஒத்திருந்தால்தான் இரட்டை என்று கொண்டால், பாதிதான் அகப்படும். ஒரே பில்லை இரண்டு பேர் தட்டினால் ஒருவர் ‘KT/45’ என்றும் மற்றவர் ‘KT-45’ என்றும் எழுதுவார்கள். தொகை மட்டும் ஒத்திருப்பதை இரட்டை என்று கொண்டாலோ, மாதாமாதம் ஒரே விலைக்கு வாங்கும் சரக்கெல்லாம் சந்தேகத்துக்குள் வந்துவிடும்.

ஒரு பில்லை அடையாளம் காட்டுவது எது என்பதே கேள்வி. ஜிஎஸ்டி விதிகளின்படி ஒரு விற்பவரின் பில் எண் அந்த நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது. நீளமும் 16 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. ஆகவே விற்பவரின் ஜிஎஸ்டி எண்ணும் பில் எண்ணும் சேர்ந்து ஒரு நிதியாண்டில் ஒரு பில்லைத்தான் குறிக்கும். ஆனால் ஒரே பில்லில் 5 சதவீதச் சரக்கும் 18 சதவீதச் சரக்கும் இருந்தால் பதிவேட்டில் இரண்டு வரிசையாக எழுதுவது வழக்கம். அதனால் வரி விகிதத்தையும் சேர்த்து மூன்றையும் ஒப்பிடவேண்டும்.

அதற்கு முன் பில் எண்ணிலுள்ள இடைவெளி, கோடு போன்றவற்றை நீக்கி, H நெடுவரிசையில் ஒரு சீரான எண் தயாரிக்கப்படுகிறது:

```
="K"&SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(C2," ",""),"-",""),"/","")
```

முன்னால் வரும் K வெறும் அலங்காரம் இல்லை. எண்கள் மட்டுமே உள்ள பில் எண்ணை `COUNTIFS` எண்ணாகக் கருதி, முதல் 15 இலக்கங்களை மட்டுமே பார்க்கும். 16 இலக்கமுள்ள இரண்டு பில் எண்கள் கடைசி இலக்கத்தில் வேறுபட்டாலும் ஒன்று என்று சொல்லிவிடும். ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது. பிறகு எண்ணும் சூத்திரம்:

```
=COUNTIFS($B$2:$B$419,B2,$H$2:$H$419,H2,$E$2:$E$419,E2)
```

ரத்தான பில்லின் வரிசையை ஏற்கெனவே நீக்கிவிட்டதால் இந்த எல்லையின் கடைசி வரிசை வெறுமையாக இருக்கும், எண்ணிக்கையை அது பாதிக்காது. விடை 2 என்று வந்தவை 12 வரிசைகள், அதாவது ஆறு ஜோடிகள். நான்கு ஜோடிகள் எல்லாக் கட்டத்திலும் ஒத்திருந்தன. அவற்றில் ஒவ்வொன்றை நீக்கியபோது ரூ.35,000 குறைந்தது. முதலில் கண்ட வேறுபாடு இத்துடன் தீர்ந்தது. ஐந்தாவது ஜோடி, சரக்கு ஒரு கிளைக்கும் பில் நகல் இன்னொரு கிளைக்கும் போனதால் இரண்டு இடத்திலும் ஏறிய ரூ.18,500 பில். ஒரு கிளை ஜிஎஸ்டி எண்ணை விட்டுவிட்ட இரண்டு வரிசைகளில் ஒன்று இதுதான். வெற்றுக் கட்டத்தை முதலில் நிரப்பாமல் இருந்தால் இந்த இரட்டை பிடிபட்டிருக்காது.

ஆறாவது ஜோடி இரட்டையே அல்ல. ஒரே பில்லில், ஒரே 18 சதவீதத்தில், பெயின்ட் ஒரு வரிசையாகவும் பிரஷ் ஒரு வரிசையாகவும் வேறுவேறு தொகையில் எழுதப்பட்டிருந்தன. எக்செலில் உள்ள Remove Duplicates பொத்தானை இதே மூன்று நெடுவரிசைகளுக்குப் பயன்படுத்தியிருந்தால், முதல் வரிசையை வைத்துக்கொண்டு இரண்டாவதை அழித்திருக்கும். எதை அழித்தது என்ற பட்டியலும் தராது. சூத்திரம் சொல்வது சந்தேகம் மட்டுமே, முடிவு பில்லைப் பார்த்தே எடுக்கப்பட வேண்டும். கோடுகளை நீக்குவதால் ‘1/23’, ‘12/3’ என்ற இரண்டு பில்களும் ஒன்றாகத் தோன்றக்கூடும். ‘URP’ என்று எழுதிய வரிசைகளில் ஜிஎஸ்டி எண் எல்லாருக்கும் ஒன்றுபோல் தெரியும் என்பதால் விற்பவர் பெயரையும் பார்க்க வேண்டும்.

வராத வரிசை

பதிவேட்டுக்கே வராத பில்லை அந்தப் பதிவேட்டுக்குள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வெளியிலிருந்து இன்னொரு பட்டியல் வேண்டும். கொள்முதலுக்கு அப்படிக் கிடைப்பது ஜிஎஸ்டி தளத்தில் அடுத்த மாதம் 14-ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி. விற்பவர்கள் தங்கள் கணக்கில் காட்டிய பில்கள் அதில் இருக்கும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி தரவேண்டும் என்பதால், ஒப்பிட இடையில் சில நாட்களே உண்டு.

கடையின் பதிவேட்டில் இல்லாத இரண்டு பில்கள் 2பியில் இருந்தன. ஒன்று, ரூ.36,500-க்கான பில். சரக்கு வந்துவிட்டது, பில் கிளையின் கோப்பிலேயே தங்கிவிட்டது. அது பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. மற்றதற்கு உரிய சரக்கு இன்னும் வழியில் இருந்தது. சரக்கு கைக்கு வராமல் உள்ளீட்டு வரி வரவை எடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே அது சேர்க்கப்படாமல் அடுத்த மாதத்துக்குக் குறித்து வைக்கப்பட்டது. பதிவு இல்லாத விற்பவர்களின் பில்கள் 2பியில் வராது. வாடகை போல மாதாமாதம் வரும் செலவுகளுக்கு முந்தைய மாதப் பட்டியலை வைத்துத்தான் விடுபட்டதைக் காணமுடியும்.

திருத்தியபின்

ஒவ்வொரு மாற்றமும் எந்த வரிசை, முன்பு என்ன, பின்பு என்ன, ஏன் என்று தனி ஷீட்டில் எழுதப்படுகிறது. அந்தக் குறிப்பை வைத்தே கடைசிக் கணக்கைச் சரிபார்க்கலாம். 418 வரிசைகளில் இரட்டைகள் ஐந்தும் ரத்தான பில் ஒன்றும் போய், விடுபட்ட பில் ஒன்று சேர, 413. தொகையில் இரட்டைகளின் ரூ.53,500 போய், ரூ.24,000-மும் ரூ.36,500-மும் சேர, ரூ.52,37,000.

தொடக்கத்தில் இருந்தது ரூ.52,30,000. தொகையைப் பாதித்த ஏழு பிழைகள் இருந்த பதிவேட்டுக்கும் திருத்திய பதிவேட்டுக்கும் வித்தியாசம் வெறும் ரூ.7,000. இரட்டைகள் தொகையைக் கூட்டின, விடுபட்டவை குறைத்தன, இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. மொத்தத் தொகை போன மாதத்தை ஒட்டியிருக்கிறது என்பதை வைத்துப் பட்டியல் சரி என்று முடிவுகட்ட முடியாததற்குக் காரணம் இதுதான். கூட்டல் ஒத்துப்போனாலும், இரட்டையாக ஏறிய பில்லுக்கு இரண்டு முறை பணம் போகலாம். விடுபட்ட பில்லின் வரி வரவு கிடைக்காமல் போகலாம்.