சொந்த வீட்டுக்கு வாடகை உண்டு, சமையலுக்குக் கூலி இல்லை

மாத இறுதியில் புதிய காலாண்டுக்கான ஜிடிபி கணக்கு வெளியாகிறது. வளர்ச்சி விகிதம் ஏறுகிறதே, வீட்டில் அதன் சுவடே தெரியவில்லையே என்று வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அரசு இந்த எண்ணை மக்கள் வாழ்வு உயர்ந்ததற்கான சான்றாக முன்வைப்பதுதான் குழப்பத்தின் வேர். ஜிடிபி அளப்பது உற்பத்தியை. அதிலும், கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று நிபுணர்கள் கோடு போட்டு ஒதுக்கிய உற்பத்தியை மட்டும். அந்தக் கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

பணம் கைமாறினால்தான் ஜிடிபியில் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நீங்கள் சொந்த வீட்டில் குடியிருந்தால், அதே போன்ற வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய வாடகையை ஒட்டி ஒரு தொகையை மதிப்பிட்டு, நீங்களே உங்களுக்கு அதைச் செலுத்துவதாகக் கொண்டு கணக்கில் சேர்க்கிறார்கள். இதற்கு நியாயமான காரணம் உண்டு. வாடகைக்கு விட்டிருந்த வீட்டில் உரிமையாளரே குடியேறினால் நாட்டின் உற்பத்தி குறைந்ததாகக் காட்டக் கூடாது அல்லவா? விற்காமல் வீட்டிலேயே குடித்த பசும்பாலும், சாப்பாட்டுக்கு எடுத்துவைத்த நெல்லும் இப்படித்தான் சேர்கின்றன. ஐ.நா. வகுத்த தேசியக் கணக்கு விதிகளின்படி விறகு பொறுக்குவதும், தொலைவிலிருந்து தண்ணீர் சுமந்து வருவதும்கூட உற்பத்திதான். ஆனால் அந்த விறகை மூட்டி, அந்தத் தண்ணீரில் சோறு வடிப்பது உற்பத்தி அல்ல. பிள்ளை வளர்ப்பதும், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமனாரைப் பராமரிப்பதும் அல்ல. வீட்டுக்குள் நடக்கும் கூலியில்லாச் சேவைகள் அத்தனையும் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன.

இதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் இருவர் அவரவர் வீட்டில் சமைக்கும்வரை ஜிடிபியில் அவர்கள் பங்கு பூஜ்யம். ஒருவர் வீட்டில் மற்றவர் என இருவரும் ஆளுக்கு மாதம் 6,000 ரூபாய் சம்பளத்துக்குச் சமைக்கத் தொடங்கினால், ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் உற்பத்தி கூடிவிடும். சாப்பாடும் உழைப்பும் மாறவில்லை. இது வெறும் கற்பனை விளையாட்டு அல்ல. வீட்டில் நடந்த சமையல் உணவகத்துக்கும், குழந்தைப் பராமரிப்பு காப்பகத்துக்கும் மாறும்போது, இடம் பெயர்ந்த உழைப்பின் மதிப்பு முழுவதும் புதிய வளர்ச்சியாகப் பதிவாகிறது. வீட்டில் கைவிடப்பட்ட வேலையை யாரும் கழிப்பதில்லை. நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும் மருத்துவமனைக்குச் செலவு மிச்சம்; மீதிப் பராமரிப்பைச் சுமக்கும் மகளின் நேரம் எந்த ஏட்டிலும் ஏறாது.

கூலியில்லாத வேலையை மதிப்பிட முடியாது என்பார்கள். கொடுக்காத வாடகையை மதிப்பிட முடிகிறதே! இரண்டாவது ஆட்சேபம் வலுவானது: வீட்டு வேலையையும் உற்பத்தியாகக் கொண்டால் ஏறக்குறைய எல்லோருமே வேலையில் இருப்பவர்களாகிவிடுவார்கள், வேலையின்மை என்ற அளவுகோலே பயனற்றுப் போகும். வட்டி விகிதத்தையும் வரி வருவாயையும் திட்டமிட, சந்தையைக் காட்டும் எண் தனியே தேவைதான். அதை ஏற்கிறேன். ஆனால் அது வீட்டுழைப்பை மறைக்கக் காரணமாகாது. பிரிட்டன் செய்ததுபோல ஜிடிபிக்குப் பக்கத்தில் ஒரு துணைக் கணக்கு வெளியிடலாம். பண மதிப்பில் சிக்கல் உண்டு: வீட்டுப் பணியாளர் கூலியை அடிப்படையாக எடுத்தால், அந்தக் கூலியின் அநியாயமும் கூடவே வந்துவிடும். எனவே ரூபாயோடு நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கான தரவு இந்திய அரசிடமே இருக்கிறது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காகச் செலவிட்டது 2019 கணக்கெடுப்பில் நாளொன்றுக்கு 299 நிமிடம். 2024இல் 289 நிமிடம். ஆண்களுக்கோ 97 நிமிடம் 88 ஆகக் குறைந்தது. ஐந்தாண்டு வளர்ச்சி ஒரு பெண்ணின் நாளில் மிச்சப்படுத்தியது பத்தே நிமிடம். வாழ்வு உயர்ந்ததா என்பதற்கு வளர்ச்சி விகிதம் தராத பதில் இதில் இருக்கிறது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

தமிழ்நாட்டின் மகளிர் உரிமைத் தொகை ஜிடிபியில் சேருமா? சேராது, 1,000 ரூபாய் கைமாறும் தொகையாகவே கருதப்படும், அதைக் கொண்டு வாங்கும் பொருளின் உற்பத்திதான் சேரும்.

பங்கு விலை ஏறிக் கிடைத்த லாபம்? சேராது, தரகருக்குக் கொடுத்த கட்டணம் சேரும்.

ஆழ்துளைக் கிணறு வற்றினால்? கிணறு தோண்டிய செலவு சேரும், இழந்த நிலத்தடி நீர் கழிக்கப்படாது.

அப்படியானால் ஜிடிபியே வேண்டாமா? வேண்டும், சந்தையின் அளவை அறிய மட்டும்.